சானும் சாமாவும் தமிழில் என்ன?

பாசிர் கூடாங், செனாய் வட்டாரத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். 1982இல் பிரதமர் டாக்டர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்த பிறகு இந்தத் தொடர்பு இன்னும் பெருகியது. அலுவலகத்தில் அமர்ந்த பெண், ஒரு நாள் மின்னஞ்சலைத் திறந்தால் "தனாக்கா சாமா" என்றிருக்கும். அதையே தமிழில் எழுதச் சொன்னால் என்ன செய்வது?

'சான்' என்பதை 'ஐயா' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. நம் தோட்டங்களில் 'ஐயா'வும் 'துரை'யும் கீழிருந்து மேலே மட்டும் போகும் சொற்கள். கிராணி தொழிலாளியை 'ஐயா' என்றழைத்ததை யாராவது கேட்டதுண்டா? ஆனால் 'சான்' இரு பக்கமும் போகும். மேலாளரும் சான், இயந்திரத்தை ஓட்டுபவரும் சான். ஆண், பெண் பேதமும் அதில் இல்லை.

'சாமா' அதைவிட உயர்ந்தது. வாடிக்கையாளருக்கும் வெளி நிறுவனத்தாருக்கும் எழுதும்போது வருவது. கடவுளையும் 'காமி சாமா' என்பார்கள். (நம் 'சாமி'க்கும் அதற்கும் உறவில்லை, ஒலி ஒற்றுமைதான்.)

'திரு' என்று போட்டால் ஒரு சங்கடம் வரும். பெயரை மட்டும் பார்த்து எழுதியவர் ஆணா பெண்ணா என்று நமக்குத் தெரியாது. பெண்ணாக இருந்துவிட்டால்? நம்மிடமே நல்ல சொல் ஒன்று இருக்கிறது: 'அவர்கள்'. சாமாவைப் போலவே பெயருக்குப் பின்னால் வரும், இருபாலருக்கும் பொதுவானது. ஆகவே "தனாக்கா சாமா" என்பது "தனாக்கா அவர்களுக்கு" என்றாகும். சானுக்குத் தனிச்சொல் தேட வேண்டாம். "தனாக்கா கூறினார்" என்னும் 'ஆர்' விகுதியே அந்த மரியாதையைச் சுமந்துவிடும்.

இனி நம் பெயர். சாந்தி ஏ/பி ராமன் என்று கையெழுத்திட்டால், பதில் "ராமன் சான்" என்று வரலாம். ஜப்பானியர் குடும்பப் பெயரோடுதான் சான் சேர்ப்பார்கள். கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எண்ணிவிடுகிறார்கள். மரியாதை அப்பாவுக்குப் போய்ச் சேருகிறது! கையெழுத்தில் SHANTHI என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, இதுவே அழைக்கும் பெயர் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் தன் பெயரோடு தானே சான் சேர்க்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலர் இடறுகிறார்கள். வெளி நிறுவனத்துக்கு எழுதும்போது ஜப்பானியர் தம் சொந்த மேலாளருக்குக்கூட சான் போடமாட்டார்கள். வெறும் 'தனாக்கா' என்றிருக்கும். அதைப் பார்த்து "தனாக்கா சொன்னான்" என்று தமிழில் எழுதினால் தலைக்குனிவுதான். நம் வழக்கில் நம்மவரும் 'அவர்'தான். "எங்கள் மேலாளர் தனாக்கா தெரிவித்தார்" என்றே எழுத வேண்டும். அதே செய்தி ஜப்பானிய மொழியில் அவர்களுக்குத் திரும்பப் போகும்போது, மேலாளர் பெயரிலுள்ள சானை எடுத்துவிட வேண்டும்.