மின்னஞ்சல் காத்திருக்கும், இன்ஸ்டாகிராம் காத்திருக்காது

பெங்களூர் ஜெயநகரில் பட்டுப்புடவை விற்கும் ஒரு சின்னக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஒரு பெண், இன்ஸ்டாகிராமில் கடை போட்ட படத்தின் கீழே விலை கேட்டு கமெண்ட் எழுதுகிறார். பதில் வரவில்லை. 10 மணிக்கு அதையே டிஎம்மில் கேட்கிறார். ஞாயிறு காலை மின்னஞ்சலும் அனுப்பிவிடுகிறார். கமெண்ட்டைப் பார்ப்பது முதலாளியின் மகள், டிஎம்மைப் பார்ப்பது பில் போடுபவர், மின்னஞ்சலைப் பார்ப்பது கணக்கர். ஒருவர் 8,400 ரூபாய் என்கிறார், இன்னொருவர் தள்ளுபடி போக 7,900 என்கிறார். எது சரி என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் குழப்பத்துக்காகவே வந்தவை பொது இன்பாக்ஸ் மென்பொருள்கள். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் அவற்றில் ஒன்று. பெங்களூரில் உருவாகி, 2021-இல் ஒய் காம்பினேட்டர் முதலீட்டுத் திட்டத்தில் இடம்பிடித்த சாட்வூட் இன்னொன்று. அது திறந்த மூல மென்பொருள் என்பதால், விருப்பமுள்ளவர் தன் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். ஒவ்வொரு உரையாடலையும் ஒரு ஊழியர் பெயரில் ஒப்படைக்கலாம். வாடிக்கையாளருக்குத் தெரியாமல், "இவருக்கு 7,900 சொல்லியாச்சு" என்று உள்குறிப்பும் எழுதி வைக்கலாம். இரண்டு விலை சொல்லும் தொல்லை பெரும்பாலும் இத்துடன் தீரும்.

ஆனால் ஒரே பட்டியலில் வந்துவிட்டதால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுவதில்லை. கடைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்.

முதல் சிக்கல், ஆள் அடையாளம். இன்ஸ்டாகிராம் டிஎம் வரும்போது அனுப்பியவரின் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ கூடவே வராது. பெயரும், பயனர் பெயரும், மெட்டா கொடுக்கும் ஓர் எண்ணும் வரும். மின்னஞ்சலில் முகவரியும் பெரும்பாலும் பெயரும் இருக்கும். ஆகவே நம் புடவைப் பெண், மென்பொருளின் கண்ணுக்கு இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்று ஓர் ஊழியர்தான் கண்டுபிடித்து இணைக்க வேண்டும். சாட்வூட்டில் ஒருமுறை இணைத்தால் பிரிக்க வழியில்லை. பெங்களூரில் ஒரே பெயரில் எத்தனை லட்சுமிகள்! பெயரை மட்டும் நம்பி இணைத்தால், ஒருவரின் ஆர்டர் விவரம் இன்னொருவரின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். தொலைபேசி எண்ணையோ ஆர்டர் எண்ணையோ கேட்டுச் சரிபார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

அடுத்தது நேரம். மூன்று நாள் கழித்துப் பதில் போட்டாலும் மின்னஞ்சல் போய்ச் சேரும். ஆனால் வெளி மென்பொருள் வழியாக இன்ஸ்டாகிராம் டிஎம்முக்குப் பதில் அனுப்ப, வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் கணக்கு. மனித ஊழியரே பதில் சொல்கிறார் என்று மெட்டாவிடம் தனி அனுமதி வாங்கியிருந்தால் அது 7 நாள் வரை நீளும். கமெண்ட்டுக்கு விதி வேறு: எழுதிய 7 நாளுக்குள், அவருக்குத் தனிச்செய்தி ஒன்றே ஒன்று அனுப்பலாம். அவர் அதற்குப் பதில் எழுதினால்தான் பேச்சு தொடரும்.

நம் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அந்தத் தனி அனுமதி இல்லையென்றால், சனி இரவு 10 மணிக்கு வந்த டிஎம்மின் கெடு, ஞாயிறு இரவு 10 மணிக்கே முடிந்துவிட்டது. திங்கள் காலை உரையாடலைத் திறந்தால், பதில் அனுப்ப முடியாது என்ற அறிவிப்புதான் இருக்கும். அப்போதும் வழி இருக்கிறது. கைபேசியில் இன்ஸ்டாகிராம் செயலியைத் திறந்து நேராகவே பதில் எழுதலாம். அந்தக் கெடு வெளி மென்பொருள்களுக்குத்தான். அப்படி எழுதியதன் நகலை மெட்டா நிறுவனம் இன்பாக்ஸ் மென்பொருளுக்கும் அனுப்பும். அதை ஏற்கும்படி அமைத்திருந்தால் இன்பாக்ஸிலும் பதிவாகிவிடும். ஆனாலும் தினமும் இப்படிச் சமாளிக்க முடியாது. பட்டியலைப் புதியது மேலே என்று அடுக்காமல், டிஎம்களைத் தனியாகப் பிரித்து, பழையதை முதலில் பார்ப்பதே நல்லது. ஞாயிறு காலையில் அரை மணி நேரம் யாராவது ஒருவர் டிஎம்களை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும்.

மென்பொருள் வாங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது: கமெண்ட்டும் வருமா, டிஎம் மட்டும்தானா? இரண்டுக்கும் மெட்டாவில் தனித்தனி அனுமதி. டிஎம் வருவதைப் பார்த்துவிட்டு, கமெண்ட்டும் வந்துகொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது சத்தமில்லாமல் அறுந்துபோகும் இணைப்பு. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாலோ, செய்திகளை மற்ற கருவிகள் பார்க்கலாம் என்ற இன்ஸ்டாகிராம் அமைப்பை யாராவது அணைத்துவிட்டாலோ, இன்பாக்ஸுக்குச் செய்தி வருவது நின்றுவிடும். மின்னஞ்சல் வழக்கம்போல் வந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தினமும் கடை திறந்ததும் வேறொரு கணக்கிலிருந்து ஒரு டிஎம் அனுப்பிப் பார்க்கலாம். சில நிமிடங்களில் அது இன்பாக்ஸில் தெரியாவிட்டால், அன்றைய முதல் வேலை அந்த இணைப்பை மறுபடி கொடுப்பதுதான்.