நகல் இருந்தது, கோப்புறை காலி

2025 பொங்கலன்று ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு ஒத்திகை பார்த்தேன். அங்குள்ள கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. எட்டு மாதமாக ஒவ்வொரு இரவும் பேக்கப் ஓடியிருக்கிறது, எல்லா நகல்களின் பக்கத்திலும் பச்சைக் குறி இருந்தது. முந்தைய இரவின் நகல் ஒன்றை எடுத்து, புதிய எண்ணில் ரீஸ்டோர் செய்து, உள்ளே எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னேன்.

```
pct exec 902 -- sh -c 'find /srv/data -type f | wc -l'
0
```

வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகள் மொத்தமும் இருக்க வேண்டிய கோப்புறை அது.

அந்த அலுவலகத்தில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. ஒரே இரும்புப் பெட்டியைப் பல கணினிகளாகப் பிரித்துத் தரும் இந்தத் திறமூல மென்பொருளைச் செய்பவர்கள் வியன்னாவில் இருக்கிறார்கள். பெட்டிக்குள் குடியிருக்கும் ஒவ்வொரு கணினியையும் கெஸ்ட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. 101 விண்டோஸ் ஓடும் முழு மெய்நிகர் கணினி, கணக்கு மென்பொருள் அதில் இருக்கிறது. 102 ஒரு கன்டெய்னர். தனக்கென்று கெர்னல் வைத்துக்கொள்ளாமல் தாய்ப்பெட்டியின் கெர்னலையே பயன்படுத்தும் இலகுவான லினக்ஸ் அது. எல்லோரும் கோப்பு போட்டு எடுக்கும் பொது இடம் அதுதான்.

நகல்கள் போய்ச் சேர்வது வேறு அறையில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஓடுகிறது. 2020 நவம்பரில் முதல் பதிப்பு வந்த தனி மென்பொருள் இது. முன்பெல்லாம் தினம் ஒரு முழுக்கோப்பாக நகல் எடுப்போம். 200 ஜிபி கணினி என்றால் ஒரே வாரத்தில் டிஸ்க் திணறும். இந்தச் சர்வரோ மெய்நிகர் கணினியின் வட்டை 4 எம்பி துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு கைரேகையைக் கணக்கிட்டு, அதையே அந்தத் துண்டுக்குப் பெயராக வைக்கிறது. அதே கைரேகையுள்ள துண்டு ஏற்கெனவே இருந்தால் மறுபடி வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு நாளின் நகல் என்பது எந்தெந்தத் துண்டுகளைச் சேர்த்தால் அந்த நாளின் வட்டு கிடைக்கும் என்று சொல்லும் பட்டியல்தான். நேற்றைய பட்டியலும் இன்றைய பட்டியலும் பெரும்பாலும் ஒரே துண்டுகளைத்தான் சுட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

இரவு 9:30 மணிக்குப் பேக்கப் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். திரையில் நகலின் பெயரைப் பார்த்தால் `ct/102/2025-01-13T16:00:03Z` என்றிருக்கும். கடைசி எழுத்தான Z, அது உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் இரவு ஒன்பதரை. நெருக்கடியில் எந்த நகலை எடுப்பது என்று தேடும்போது இது பலரைக் குழப்பியிருக்கிறது.

பழைய நகல்களைக் கழிப்பதற்கு ப்ரூன் என்று பெயர். அதன் விதியை இப்படி வைத்தேன்:

```
keep-daily 7
keep-weekly 4
keep-monthly 6
```

ஏழு நாளுக்கு மேற்பட்டதை அழித்துவிடு என்பதல்ல இதன் பொருள். நகல் இருக்கிற நாட்களில் கடைசி ஏழுக்கு, நாளுக்கு ஒன்று வைத்துக்கொள் என்பதே பொருள். இடையில் பேக்கப் ஒரு மாதம் நின்றுபோனாலும், வயதாகிவிட்டதே என்று பழையது எதுவும் அழியாது. தினசரி விதி காப்பாற்றிய வாரங்களை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நான்கு வாரங்களிலிருந்து வாரத்துக்கு ஒன்றை வாராந்திர விதி எடுக்கும். அதற்கும் முந்தைய மாதங்களை மாதாந்திர விதி பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு காலத்திலும் மிஞ்சுவது அதன் கடைசி நகல்.

அன்றைக்குப் பட்டியலில் இருந்தவற்றை வைத்தே பார்க்கலாம். ஜனவரி 7 முதல் 13 வரை தினம் ஒன்று. பிறகு ஜனவரி 5, டிசம்பர் 29, 22, 15 என்று நான்கு ஞாயிறுகள். வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிவதாகத்தான் சர்வர் கணக்கிடும். அதற்கு முன் நவம்பர் 24, அக்டோபர் 27 என்று ஜூன் 30 வரை ஆறு. ஆகப் பதினேழு நகல்கள். நவம்பருக்கு மாதக் கடைசியான 30 ஏன் இல்லை என்று கேட்கலாம். மாதாந்திர விதியின் முறை வருவதற்குள் வாராந்திர விதி அந்த வாரத்துக்கு டிசம்பர் 1 ஞாயிறை வைத்துக்கொண்டு 30-ஐக் கழித்திருக்கும். மாத முடிவுக் கணக்கு கட்டாயம் வேண்டுகிற அலுவலகம் அந்த ஒரு நகலை மட்டும் பாதுகாக்கப்பட்டது என்று கையால் குறித்துவைக்க வேண்டும். குறித்ததை ப்ரூன் தொடாது.

கழிக்கும் உரிமையைப் பேக்கப் சர்வரிடமே விட்டிருக்கிறேன். தாய்ப்பெட்டி நகல் அனுப்பப் பயன்படுத்தும் கணக்குக்கு `DatastoreBackup` என்ற அளவு உரிமை மட்டும் கொடுத்தேன். அதைக் கொண்டு நகல் எடுக்கலாம், தன் நகலை மீட்கலாம். பழையதை அழிக்க முடியாது. எவனாவது தாய்ப்பெட்டிக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்டாலும், அந்தக் கணக்கைக் கொண்டு நகல்களை அழிக்க வழியில்லை.

ப்ரூன் ஓடியதும் இடம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது பட்டியலைத்தான் கிழிக்கிறது, துண்டுகள் அப்படியே கிடக்கும். அவற்றைக் கூட்டிப் பெருக்குவது கார்பேஜ் கலெக்‌ஷன் என்ற தனி வேலை. மிச்சமிருக்கும் எல்லாப் பட்டியல்களையும் அது படித்து, அவை சுட்டும் ஒவ்வொரு துண்டிலும் 'இன்று தொட்டேன்' என்று நேரம் பதிக்கும். அடுத்த சுற்றில், 24 மணி 5 நிமிடமாக யாரும் தொடாத துண்டுகளை அழிக்கும். டிஸ்க் நிரம்பிவிட்ட பதற்றத்தில் `.chunks` கோப்புறைக்குள் போய்ப் பழைய தேதியுள்ள துண்டுகளைக் கையால் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி பழையது என்றாலும் நேற்றைய நகலுக்கும் அந்தத் துண்டு தேவைப்படலாம். ஒன்றை அழித்தால் அதைச் சுட்டும் அத்தனை நகல்களும் போயிற்று.

டிஸ்க்கில் ஓரிடம் கெட்டுப் போனாலும் இதே கதிதான். அதற்காகத்தான் வெரிஃபை. ஒவ்வொரு துண்டையும் மறுபடி படித்து, கைரேகையைக் கணக்கிட்டு, பெயரோடு ஒத்துப் பார்க்கிறது. ஒருமுறை சரிபார்த்ததை 30 நாளுக்கு ஒருமுறை திரும்பவும் பார்க்கும்படி வைத்திருக்கிறேன், டிஸ்க் இடையில் கெடலாம் என்பதால். அந்தப் பச்சைக் குறி வருவது இங்கிருந்துதான். எழுதியது எழுதியபடி இருக்கிறது என்பதற்கு அது உறுதி. எழுத வேண்டியதையெல்லாம் எழுதினோமா என்பது அதற்குத் தெரியாது.

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். 102 கன்டெய்னருக்கு 8 ஜிபியில் ஒரு மூலவட்டு. கோப்புகளுக்காக அதில் இன்னொரு வட்டை `/srv/data` என்ற இடத்தில் நான்தான் இணைத்திருந்தேன். கன்டெய்னரில் இப்படிக் கூடுதலாக இணைக்கும் வட்டை ப்ராக்ஸ்மாக்ஸ் தானாக நகல் எடுக்காது. இணைக்கும்போதே அதன் அமைப்பில் `Backup` என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நான் போடவில்லை. முழு மெய்நிகர் கணினியில் இது தலைகீழ். அங்கே டிக்கை எடுத்தால்தான் வட்டு விடுபடும். 101-இல் பழகிய கை 102-இல் தவறிவிட்டது.

சர்வர் இதை மறைக்கவும் இல்லை. அன்றிரவின் பதிவேட்டைத் திறந்தேன்:

```
INFO: including mount point rootfs ('/') in backup
INFO: excluding volume mount point mp0 ('/srv/data') from backup (disabled)
```

எட்டு மாதமாக ஒவ்வொரு இரவும் இந்த இரண்டாம் வரியை எழுதியிருக்கிறது. ஆனால் வேலை வெற்றி என்றே முடிந்ததால், தோல்விக்கு மட்டும் வரும் மின்னஞ்சல் எனக்கு வரவில்லை. பட்டியலின் அளவுப் பத்தியைப் பார்த்திருந்தாலும் போதும். 120 ஜிபி கோப்பு வைத்திருக்கும் கெஸ்டின் நகல் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேலாக நின்றிருந்தது. பேக்கப் வேலையின் பக்கத்தில் `Job Detail` என்று ஒரு பொத்தானும் உண்டு. எந்தக் கெஸ்டின் எந்த வட்டு சேர்கிறது, எது விடுபடுகிறது என்று அது வரிசையாகக் காட்டும். அதையும் நான் அழுத்தியதில்லை.

ஒத்திகையை 902 என்ற புதிய எண்ணில் செய்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுகிறது. 102-இன் மேலேயே ரீஸ்டோர் செய்திருந்தால், இணைத்த வட்டையும் சேர்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் காலி வட்டைத்தான் வைத்திருக்கும். அசல் கோப்புகள் அதோடு போயிருக்கும். திரையில் எச்சரிக்கை வரும். பதற்றத்தில் இருப்பவர் கண்ணில் அது எத்தனை நொடி நிற்கும்?

டிக்கைப் போட்டு, அன்றிரவே பேக்கப்பை ஓடவிட்டேன். முதல் நகல் என்பதால் 120 ஜிபியும் போயாக வேண்டும். 1 ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி என்று வைத்தாலும் இருபது நிமிடம் பிடிக்கும். அந்தப் பக்கம் இருப்பது சுழலும் டிஸ்க் என்பதால் முக்கால் மணி ஆயிற்று. பதிவேட்டில் `including mount point mp0` என்று வந்ததைப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன்.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த மறுநாள் மாலை, இரண்டாவது ஒத்திகை.

```
pct restore 902 pbs1:backup/ct/102/2025-01-16T16:00:04Z --storage local-lvm --unique 1
```

ஸ்டார்ட் செய்வதற்கு முன் 902-இன் நெட்வொர்க் அமைப்பில் `Disconnect` என்பதை டிக் செய்தேன். `--unique` கார்டின் முகவரியைத்தான் மாற்றும். உள்ளே எழுதியிருக்கும் ஐபி எண் 102-இன் எண்ணேதான். இரண்டும் ஒரே வலையில் எழுந்தால் பாதிப் பேருக்கு அசலும் மீதிப் பேருக்கு நகலும் திறக்கும், எந்தக் கோப்பில் எழுதினோம் என்று யாருக்கும் தெரியாது. மீட்கவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பெட்டியே எரிந்துபோனால் இந்த அலுவலகம் எத்தனை மணி நேரம் கை கட்டி உட்கார வேண்டியிருக்கும் என்பதற்கு, எனக்கு முதல் தடவையாக ஒரு எண் கிடைத்தது.

அதே எண்ணும் கட்டளையைக் கொடுத்தேன். 902-இல் 41,806. 102-இல் 41,829. முந்தைய இரவுக்குப் பிறகு பகலில் சேர்ந்தவை அந்த இருபத்து மூன்று. எண்ணிக்கை சரி என்பதோடு விடாமல், மூத்த கணக்கர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நேத்து சாயங்காலம் கடைசியா எந்த ஃபைல்ல வேலை பார்த்தீங்க?"

ஒரு நூற்பாலையின் பெயரைச் சொன்னார். அந்தக் கோப்பை 902-இலிருந்து என் மடிக்கணினிக்கு எடுத்துத் திறந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரிக்குப் போனார்.

"ஆமா தம்பி, இந்த என்ட்ரியைப் போட்டுட்டுத்தான் எழுந்தேன்."

902-ஐ அழித்தேன். அளவுப் பத்தியையும் பதிவேட்டின் excluding வரிகளையும் பார்க்க திங்கட்கிழமைகளில் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். அடுத்த ஒத்திகை 101-க்கு.