ஒரு மின்விசிறியின் அடக்கவிலை

பொருளைச் செய்து முடித்து, அடக்கவிலையின் மேல் லாபத்தை வைத்து விலை போடுவது பழைய வழக்கம். 1960களில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் இதைத் திருப்பிப் போட்டது. வாங்குபவர் கொடுக்கும் விலையை முதலில் தெரிந்துகொண்டு, அதிலிருந்து லாபத்தைக் கழித்து, மிஞ்சும் தொகைக்குள் பொருளை வடிவமைப்பார்கள். அந்த மிச்சத்துக்கு இலக்குச் செலவு என்று பெயர்.

மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறியை ஒரு நிறுவனம் வடிவமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. சாதாரண விசிறி 1,700 ரூபாய், 75 வாட். புதியது 30 வாட். தினம் 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 135 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்றால் 810 ரூபாய். ஆகவே 1,250 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். 2,950 என்ற விலை இப்படித்தான் வருகிறது. (இலவச மின்சார அளவைத் தாண்டாத வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது.)

அதில் 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 2,500. டீலர் கமிஷன் 500 போக நிறுவனத்துக்கு 2,000. லாபம் 300. இலக்குச் செலவு 1,700.

இப்போதைய வடிவத்தின் உற்பத்திச் செலவு 1,750. ஐம்பது ரூபாய்தானே, சப்ளையரிடம் பேரம் பேசிக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். பலரும் சறுக்குவது இங்கேதான். அச்சுகளுக்கும் வடிவமைப்புக்கும் 2 கோடி ரூபாய் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. நான்கு ஆண்டில் 2 லட்சம் விசிறி விற்றால் ஒன்றுக்கு 100 ரூபாய். வாரண்டிப் பழுதுக்கு இன்னொரு 50. பொருள் பிறந்தது முதல் சந்தையை விட்டுப் போகும்வரை ஆகும் இந்த ஆயுட்காலச் செலவைச் சேர்த்தால் 1,900. பள்ளம் 50 அல்ல, 200.

அதை எப்படி நிரப்புவது? சர்க்யூட் போர்டில் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் பாகத்தை எடுத்துவிட்டால் 30 ரூபாய் மிச்சம் என்பார் ஒரு பொறியாளர். ஆனால் வாரண்டிக் காலத்தில் 100க்கு 3 போர்டு பழுதாவது 10 ஆக உயர்ந்தால், ஒரு பழுதுக்கு 500 ரூபாய் வீதம் விசிறிக்கு 35 ரூபாய் கூடுதலாகப் போகும். தொழிற்சாலைக் கணக்கில் லாபமாகத் தெரிவது, சர்வீஸ் கணக்கில் நஷ்டமாக வெளிவரும். இரண்டு கணக்கும் வேறு வேறு மேசையில் இருப்பதால் யாருக்கும் தெரியாமலே போகும்.

அந்த யோசனையை விட்டுவிட்டு, இரண்டு மாடலுக்கும் ஒரே போர்டை வைத்தால் 90 குறையலாம். மோட்டார் மூடியின் கனத்திலும் அட்டைப்பெட்டியிலும் 60. யாரும் கேட்காத அலங்கார விளக்கை எடுத்தால் 50. இவற்றை வரைபடக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும். அச்சு வெட்டிய பிறகு மூடியின் கனத்தைத் தொட்டால் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு முழுக்க 2 லட்சம் என்ற விற்பனை மதிப்பீட்டின் மேல்தான் நிற்கிறது. ஒரு லட்சம்தான் விற்றால் அச்சுச் செலவு விசிறிக்கு 200 ரூபாயாகி, லாபத்தில் 100 கரைந்துவிடும்.