செக்யூரிட்டி ஏஜென்சியின் கடைசி பில்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றும்போது மனக்கசப்பு வருவது பெரும்பாலும் ஒப்பந்தம் முடிவதால் அல்ல. நோட்டீஸ் கொடுத்த நாளுக்கும் கடைசி பில் தீரும் நாளுக்கும் இடையில் நடப்பவைதான் காரணம்.

ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆறு காவலர்கள், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒரு ஷிப்ட், இரவில் இன்னொன்று. காரணம் சொல்லாமலே இரு தரப்பில் எவரும் ஒரு மாத எழுத்து நோட்டீஸில் விலகலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அக்டோபர் 31-உடன் முடித்துக்கொள்ள அசோசியேஷன் விரும்புகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, நோட்டீஸ் காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது. கடிதம் கிடைத்த நாளிலிருந்து என்று ஒப்பந்தத்தில் இருந்தால், செப்டம்பர் 28 அன்று தபாலில் போட்டது அக்டோபர் 3-இல் போய்ச் சேரும்போது கணக்கு நவம்பருக்குள் போய்விடும். செப்டம்பர் 25 வாக்கிலேயே நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் ஏஜென்சி உரிமையாளரிடம் பேசிவிட வேண்டும். புது ஏஜென்சியின் சூப்பர்வைசர் விலைப்புள்ளி தர வந்து கேட்டைச் சுற்றிப் பார்த்தாலே, காவலர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். தன் ஆட்கள் வாயிலாக உரிமையாளர் கேள்விப்பட்டால் அந்த அவமானம் எளிதில் ஆறாது. “சார், கமிட்டி மாற்ற முடிவு செய்திருக்கிறது. கடிதம் நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன், முதலில் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன்” என்று செயலாளர் சொன்னாலே போதும்.

கடிதத்தில் குறைகளை அடுக்க வேண்டாம். காரணம் தேவையில்லாத பிரிவின்படி முடிக்கும்போது, ‘காவலர்கள் தூங்கினார்கள்’ என்று எழுதினால் அவர் மறுத்து எழுதுவார். முடிவுக் கடிதம் வழக்காகிவிடும். திருட்டு இழப்பீடு போல உண்மையிலேயே பாக்கி இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதலாம். கடைசி நாள், ஒப்படைக்க வேண்டியவை, கடைசி பில்லை எப்படித் தீர்ப்போம் என்ற மூன்றும் முடிவுக் கடிதத்தில் இருந்தால் போதும்.

சிக்கல் அந்த மூன்றாவதில்தான். காவலர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையை ஏஜென்சி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆக, அக்டோபருக்கான ரசீது நவம்பர் நடுவில்தான் கைக்கு வரும். அதுவரை மொத்த பில்லையும் பல அசோசியேஷன்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தி வைக்கின்றன. வந்த பணத்தில் சம்பளம் போடும் சிறு ஏஜென்சியாக இருந்தால், இதன் அடி காவலர்கள் மேல்தான் விழும். இது நியாயமில்லை.

ஒரு காவலருக்கு மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்தால், ஆறு பேருக்கு 96,000. பி.எஃப். கணக்குக்கு 15,000 வரை எடுத்துக்கொண்டால் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து முதலாளி பங்கு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். ஆறு பேருக்கும் சேர்த்து 14,820 ரூபாய். இத்துடன் காவலர்கள் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யும் 11,520 ரூபாயையும் ஏஜென்சிதான் கட்ட வேண்டும். ஆக, ரசீதுக்காகக் காத்திருக்க வேண்டிய தொகை 26,340 மட்டுமே. மீதியை பில் வந்த உடனே கொடுத்துவிடலாம். ரசீதுடன் பெயர்வாரியான இ.சி.ஆர். பட்டியலும் வந்து, ஆறு பெயர்களும் அதில் இருந்தால் நிறுத்தியதையும் விடுவித்துவிடலாம். இதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், நிறுத்தி வைப்பது சந்தேகமாகத் தெரியாது.

கடைசி நாளிலும் ஒரு சிறு முடிச்சு உண்டு. அக்டோபர் 31 இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் நவம்பர் 1 காலையில்தான் முடியும். நள்ளிரவில் ஆள் மாற்ற முடியாது. நவம்பர் 1 காலை எட்டு மணிக்கு மாற்றம், அந்த இரவுக்கும் முழுக் கூலி என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளலாம். சாவிக்கொத்து, வருகைப் பதிவேடு, மோட்டார் போடும் நேரங்கள் எல்லாம் அப்போது கைமாறும். கேட்டில் இருக்கும் போனின் சிம் ஏஜென்சி பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும் எண் ஒரே நாளில் அடங்கிப்போனால் பழி ஏஜென்சி மேல்தான் விழும்.

நல்ல காவலர் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஏஜென்சியின் ஆளைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கக் கூடாது என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அதனால் காவலரிடம் பேசுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். சீருடை, பயிற்சிச் செலவைக் கொடுத்தால் பலர் சம்மதிப்பார்கள். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். காவலருக்கு பி.எஃப். எண் அதேதான், புது முதலாளியிடம் அந்த யு.ஏ.என். எண்ணைக் கொடுத்தால் பழைய சேமிப்பை மாற்றிக்கொள்ளலாம்.