அறைக்குள் வருபவர் முதலில்

துபாயில் நடுத்தரமான ஒரு கட்டுமான நிறுவனத்தில் எகிப்துக்காரர் திட்ட மேலாளராக இருப்பார். வரவேற்பில் பிலிப்பைன்ஸ் பெண், கணக்குப் பிரிவில் கேரளத்துக்காரர், பாதுகாப்புப் பிரிவில் பிரிட்டிஷ்காரர், தேநீர் அறையில் நேபாளத்து இளைஞர் என்று ஒரே தளத்தில் அரை டஜன் நாடுகள். அங்கே புதிதாகச் சேரும் நம்மூர்ப் பொறியாளர் காலையில் என்ன செய்கிறார்? யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று ஓசைப்படாமல் நடந்து போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து கணினியைத் திறக்கிறார். எதிர்ப்பட்டவருக்கு ஒரு புன்னகை, லேசான தலையசைப்பு. மேலாளர் வந்தால் எழுந்து நின்று ‘குட் மார்னிங் சார்’. நம் ஊரில் இது அடக்கமான நல்ல பிள்ளையின் நடத்தை. அந்த எகிப்துக்காரருக்கோ, இந்த ஆளுக்கு நம்மேல் ஏதோ கோபம் என்று தோன்றுகிறது.

காரணம், யார் முதலில் பேச வேண்டும் என்பதில் இருவருக்கும் கணக்கு வேறு. நமக்குப் பதவியும் வயதும்தான் கணக்கு. சிறியவர் சொல்ல வேண்டும், பெரியவர் தலையசைத்து ஏற்றுக்கொள்வார். அரபு நாட்டு வழக்கிலும் இளையவர் மூத்தவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது உண்டு. அதோடு வேறு சில முறைகளும் சேர்ந்திருக்கின்றன: நடந்து வருபவர் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும், சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது என்றால், அறைக்குள் நுழைபவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். அவர் பொது மேலாளராக இருந்தாலும் அப்படித்தான்.

இதனால் நம்மவர்களில் இரண்டு விதமானவர்கள் இடறுகிறார்கள். ஒருவர் மேலே சொன்ன பொறியாளர். இன்னொருவர், பதவி உயர்ந்து மேலாளரான தமிழர். அவர் உள்ளே வந்து, மற்றவர்கள் வணக்கம் சொல்லட்டும் என்று காத்திருப்பார். உட்கார்ந்திருக்கும் அரபு ஊழியர்களோ அவர் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். இரு தரப்பும் மரியாதையோடுதான் காத்திருக்கிறது, இரு தரப்புக்கும் மனக்கசப்புதான் மிஞ்சுகிறது.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது மௌனத்தை. தளத்துக்குள் நுழைந்ததும், இரண்டு மூன்று மேசைகளுக்குக் கேட்கும் குரலில் ஒரு ‘குட் மார்னிங்’ போதும். அரபியர் அதிகம் இருந்தால் ‘ஸபாஹுல் கைர்’ சொல்லலாம். ‘ஸபாஹுன் நூர்’ என்று பதில் வரும். எகிப்திலும் லெபனானிலும் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதால், எல்லாருக்கும் பொருந்துகிற இந்தக் காலை வாழ்த்து பாதுகாப்பானது. முஸ்லிம் அல்லாதவர் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ சொன்னாலும் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடுதான் ஏற்றுக்கொள்கிறார்கள். யாராவது உங்களுக்கு அதைச் சொன்னால் மட்டும் தலையசைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஸலாமுக்கு வாயால் பதில் சொல்வது அவர்களுக்குக் கடமை போன்றது. ‘வ அலைக்குமுஸ்ஸலாம்’ என்று முழுதாகச் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது. நம்முடைய பக்கவாட்டுத் தலையாட்டல் வேறு, ஆமாவா இல்லையா என்று பிற நாட்டவரைத் திகைக்க வைக்கிறது. குரல் சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் இருக்காது.

அமீரகத்தைச் சேர்ந்த வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பொறியாளருக்குக் கடைசி நாற்காலியில் சத்தமில்லாமல் போய் உட்காரத்தான் மனம் வரும். அங்கே செய்ய வேண்டியது வேறு. வாசலில் நின்று எல்லாருக்குமாக ஒரு முறை ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு, மூத்தவரிடமிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ தொடங்கி ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டே வர வேண்டும். நமக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு மட்டும் கைகொடுத்துவிட்டு மற்றவர்களைத் தாண்டிப் போனால் அது பளிச்சென்று தெரியும். வளைகுடாக்காரர்களின் கைகுலுக்கல் மென்மையாக இருக்கும், கொஞ்சம் நீளும். நலம் விசாரித்து முடியும்வரை கையை விடாமல் இருப்பார்கள், உருவிக்கொள்ள வேண்டாம். அமீரகத்து ஆண்கள் சிலர் தங்களுக்குள் மூக்கோடு மூக்கு தொட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். அது அவர்களுக்குள்ள உரிமை, நாம் தொடங்க வேண்டியதில்லை.

அறையில் பெண்கள் இருந்தால், அவர்களாகக் கை நீட்டினால் மட்டுமே குலுக்க வேண்டும். நீட்டாவிட்டால் வலக்கையை நெஞ்சில் வைத்துச் சற்றே தலை தாழ்த்தினால் போதும். தமிழ்ப் பெண்களுக்கும் இது கைகொடுக்கும். கைகுலுக்க விரும்பாத பெண் இப்படிச் செய்தால் அங்கே ஒருவரும் தவறாக எண்ண மாட்டார்கள். கும்பிட்டாலும் புரிந்துகொள்வார்கள். புதிதாக ஒருவர் உள்ளே வந்து கை நீட்டும்போது எழுந்து நிற்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவர் நமக்கு இளையவராக இருந்தாலும்.

அடுத்தது நலம் விசாரிப்பு. ‘கைஃப் ஹாலக்’ என்று ஆணிடமும் ‘கைஃப் ஹாலிக்’ என்று பெண்ணிடமும் கேட்பார்கள். ஒரே கேள்வியை இரண்டு மூன்று விதமாகக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளக் கூடாது. குடும்பம் நலமா என்று பொதுவாகக் கேட்கலாம். ‘உங்க மனைவி எப்படி இருக்காங்க?’ என்று அமீரகத்து ஆணிடம் கேட்பது, நமக்கு எவ்வளவு இயல்பாக இருந்தாலும், அவருக்குச் சங்கடம் தரும். பிரிட்டிஷ்காரரின் ‘ஆர் யூ ஆல்ரைட்?’ இதற்கு நேர்மாறு. ‘யெஸ், யூ?’ என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகலாம். முதுகுவலிக் கதையை அவர் எதிர்பார்ப்பதில்லை.

நம் ‘சாப்பிட்டாச்சா?’வை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் ‘குமாயின் கா நா?’ என்று அதே கேள்வி அன்றாட விசாரிப்பு. மூத்த ஆணைக் ‘குயா’ என்றும் மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்றும் உறவுமுறை சொல்லி அழைக்கும் பழக்கமும் அவர்களிடம் இருப்பதால், அண்ணா, அக்கா சொல்லி வளர்ந்தவர்கள் அவர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறோம். அவர்கள் புருவத்தைச் சட்டென்று தூக்கினால் அதுவே ஒரு ‘ஹலோ’தான்; கேலி என்று நினைக்க வேண்டாம். ஆனால் ரமலான் மாதத்தில் பகல் பொழுதில் முஸ்லிம் சக ஊழியரிடம் சாப்பாட்டு விசாரிப்பு வேண்டாம். அப்போது ‘ரமலான் கரீம்’ சொல்வது பொருத்தம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது தேநீர் அறை. நுழைபவர் முதலில் என்ற முறை அங்கேயும் செல்லும். மேலாளருக்கு எழுந்து நிற்கிற நம்மவர்களில் பலர், தினமும் தேநீர் கொண்டுவரும் நேபாளத்து இளைஞருக்கும் தரை துடைக்கும் வங்கதேசத்துக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஊரிலிருந்து சுமந்து வந்த பதவிக் கணக்கு இது. இறக்கி வைக்க வேண்டும். அவர் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள்.

உங்கள் பெயரையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்திருப்போம். அலுவலக மின்னஞ்சலிலும் அது அப்படியே ஏறிவிடும். செந்தில் என்பவரை ‘மிஸ்டர் ராமசாமி’ என்று பிரிட்டிஷ்காரர் அழைக்க, இவர் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு கணம் தடுமாறுவார். கை கொடுக்கும்போதே ‘நான் செந்தில்’ என்று சொல்லி, மின்னஞ்சலின் கீழேயும் அதையே போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அரபியர்களோடு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களும் சொந்தப் பெயருக்கு முன்னால்தான் மரியாதைச் சொல்லைச் சேர்ப்பார்கள். ‘இன்ஜினியர் காலித்’ என்று அவர்கள் சொல்வதைப் போலவே நீங்களும் அங்கே ‘இன்ஜினியர் செந்தில்’ ஆகிவிடுவீர்கள்.