ஒரே மூச்சில் ஒரு வாழ்த்து

கேக் வெட்டியாயிற்று. திராட்சைச் சாறு ஊற்றிய சின்னச் சின்னக் கோப்பைகள் எல்லார் கைக்கும் வந்துவிட்டன. "இப்போ பிள்ளைங்க ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றதும் மைக் கை மாறுகிறது. தமிழ்நாட்டின் பல கிறிஸ்தவக் குடும்பங்களில், திருமண வெள்ளிவிழாவுக்கான ஜெபம் முடிந்து விருந்து தொடங்குவதற்கு முன்னால் வரும் 'டோஸ்ட்' இது.

அறுபதாம் கல்யாணத்தில் இப்படி ஒரு கட்டம் கிடையாது. அது அப்பாவின் வயதை வைத்து நடக்கும் சடங்கு. பிள்ளைகள் முன்னின்று நடத்தி, காலில் விழுந்து ஆசி வாங்கினால் போதும், பேச வேண்டியதில்லை. வெள்ளிவிழாவின் கணக்கோ கல்யாண நாளிலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம் என்பதால், வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவதும் அதோடு சேர்ந்தே வந்தது. அந்த வேலை பிள்ளைகளிடம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். படிக்க வைத்தீர்கள், கஷ்டப்பட்டு வளர்த்தீர்கள், கேட்டதெல்லாம் வாங்கித் தந்தீர்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் அது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நடந்த கதை. விழா எடுப்பது அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்த கதைக்கு. அதை அருகிலிருந்து பார்த்த சாட்சிகள், அந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகள்தான். அவர்கள் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் போதும்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை, வீடு திரும்ப இரவு பன்னிரண்டாகும். அக்காவும் தம்பியும் முதலில் எழுதி வைத்தது இது: 'தியாகத்தின் உருவமான அப்பாவும், அன்பின் வடிவமான அம்மாவும் நூறாண்டு வாழ வாழ்த்துகிறோம்.' எந்த வீட்டுக்கும் பொருந்தும் வாக்கியம். அதனாலேயே இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. அப்பா ராத்திரி எப்படி வருவார் என்று அக்கா யோசிக்கிறாள். பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று தெருமுனையிலேயே வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். டயர் மண்ணில் உருளும் சத்தத்துக்கே அம்மா எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கிவிடுவார். தம்பியும் போர்வைக்குள் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறான்.

அப்புறம் எழுதியது இது:

"தெருமுனையிலேயே வண்டியை அணைச்சுத் தள்ளிட்டு வர்ற அப்பாவுக்கும், தட்டுறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்துடுற அம்மாவுக்கும், முழிச்சுக்கிட்டே படுத்திருந்த எங்க ரெண்டு பேரோட வணக்கம்!"

பதினேழு சொற்கள். நிதானமாகச் சொன்னாலும் பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும். 'அப்பாவுக்கும்', 'அம்மாவுக்கும்' என்ற இரண்டு 'உம்'களிலும் மூச்சை இழுக்காமலே சற்று நிற்கலாம். மேடைக்காகப் பேச்சைச் செந்தமிழாக்கவும் இல்லை. வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே இருப்பதால் நாக்கு தடுமாறாது.

இதில் தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. நம் வாக்கியத்தில் முக்கியமான சொல் கடைசியில்தான் வருகிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகிவிடும். அறையில் சுலபமாகச் சொல்லி முடித்த வாக்கியம் மேடையில் பாதியிலேயே தேய்ந்துபோகும். கடைசிச் சொல் கேட்காவிட்டால், கோப்பையை எப்போது உயர்த்துவது என்று கூட்டத்துக்குத் தெரியாது. அங்கொருவரும் இங்கொருவருமாகக் கை தூக்குவார்கள். அதனால் முடிவு ஒரே சொல்லாக, வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது, அந்தச் சொல்லுக்குப் பிறகும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கிறதா என்று கவனித்தால் போதும். மிச்சம் இல்லையென்றால் ஒரு சொல்லைக் குறைக்க வேண்டியதுதான்.

'வணக்கம்' என்று முடித்ததற்கும் காரணம் இருக்கிறது. பெரியவர்களை வாழ்த்தச் சின்னவர்களுக்கு வயதில்லை என்பது நம் வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கும் மரியாதை. 'வாழ்த்துகிறோம்' என்று மகன் சொன்னால், முன்வரிசைத் தாத்தாவுக்கு லேசாக உறுத்தும். வணங்கிவிட்டுக் கோப்பையை உயர்த்தினால் இரண்டு வழக்கமும் இடிக்காமல் சேர்ந்து நிற்கின்றன.

செல்போனைப் பார்த்து வாசிக்க வேண்டாம். தலை குனிந்தால் குரலும் உள்ளே போய்விடும். அம்மாவின் முகத்தையும் பார்க்க முடியாது. தொண்டை அடைக்கப்போவது எந்தச் சொல்லில் என்பது நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். அந்த அக்காவுக்கு அது 'திறந்துடுற' என்ற சொல். அதனால் அவள் அப்பா பாதியைச் சொல்ல, அம்மா பாதியைத் தம்பி சொல்கிறான். 'வணக்கம்' மட்டும் இருவரும் சேர்ந்து. கூட்டம் கோப்பையை உயர்த்துகிறது. முன்வரிசையில் அப்பா அம்மா பக்கம் திரும்பி, "இதுங்க தூங்கவே இல்லையா?" என்று கேட்கிறார்.