கோடிட்ட இடத்தில் எந்த விதி?

ஏழாம், எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் அலைபேசியில் வந்து விழும் படங்களில் ஒன்று, பயிற்சித்தாளின் புகைப்படம். சற்றுச் சாய்வாக எடுத்தது, ஓரத்தில் கைநிழல் விழுந்திருக்கும். இரண்டு முக்கோணங்கள் வரைந்திருக்கும். கீழே பாதி எழுதப்பட்ட நிரூபணம். நடுநடுவே கோடிட்ட இடங்கள். "இது ப-கோ-பவா, கோ-ப-கோவா?" என்று பிள்ளை கேட்கும். பெரியவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, முக்கோணங்களின் தோற்றத்தை வைத்து ஒரு விதியைச் சொல்லிவிடுவார்கள். அது சில சமயம் சரியாகவும் இருந்துவிடும். ஆனால் விதி படத்தில் இல்லை, அதற்கு மேலே உள்ள மூன்று வரிகளில்தான் இருக்கிறது. அந்த மூன்று வரிகளையும் நிரப்பி முடித்த பிறகு விதியின் பெயர் தானே வந்து நிற்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம். AB, CD என்ற இரண்டு கோட்டுத்துண்டுகள் O என்ற புள்ளியில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. A இடப்பக்கம், B வலப்பக்கம். A-க்கு மேலே C, B-க்குக் கீழே D. A-யையும் C-யையும் சேர்த்தால் ஒரு முக்கோணம். B-யையும் D-யையும் சேர்த்தால் இன்னொன்று. தாளில் இப்படி இருக்கிறது:

தரவு: AC ∥ DB, O என்பது AB-யின் நடுப்புள்ளி.
நிரூபிக்க: △AOC ≅ △BOD

1. OA = OB (காரணம்: ______)
2. ∠AOC = ∠BOD (காரணம்: ______)
3. ∠OAC = ______ (காரணம்: ஒன்றுவிட்ட உட்கோணங்கள்)
4. △AOC ≅ △BOD (காரணம்: ______)
5. ஆகவே AC = ______ (காரணம்: சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள்)

முதலில் புகைப்படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தாளைச் சாய்த்துப் படமெடுத்தால் அருகில் இருக்கும் பகுதி பெரிதாகவும் தள்ளியிருக்கும் பகுதி சிறிதாகவும் தெரியும். சமமான OA, OB இரண்டும் வேறு வேறு நீளமாகத் தோன்றலாம். இணைகோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்வதுபோல் தோன்றலாம். செங்கோணம் செங்கோணமாகவே தெரியாமல் போகலாம். ஆகவே அளவுகோலை வைத்துப் பார்ப்பதில் பொருள் இல்லை. தரவு வரியையும், படத்தில் போட்டிருக்கும் குறிகளையும் மட்டுமே நம்பலாம். பக்கங்களின் குறுக்கே இடப்பட்ட சிறு கோடுகள் சம நீளத்தைச் சொல்கின்றன, அம்புக்குறிகள் இணையைச் சொல்கின்றன, மூலையில் உள்ள சிறு சதுரம் செங்கோணத்தைச் சொல்கிறது. மங்கலான படத்தில் O, D, C என்ற மூன்று எழுத்துகளும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், தொடங்கும் முன் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதல் வரிக்குக் காரணம் தரவிலேயே இருக்கிறது. O நடுப்புள்ளி என்றால் AB-யை அது இரண்டு சமத் துண்டுகளாக்குகிறது. இரண்டாம் வரி தரவில் இல்லை, படத்தின் அமைப்பிலிருந்து வருகிறது. இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது எதிரெதிரே அமையும் கோணங்கள் சமம். எனவே காரணம், குத்தெதிர்க் கோணங்கள். இங்கே C, O, D மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். CD ஒரே கோட்டுத்துண்டு என்று கணக்கு சொல்லியிருப்பதால்தான் இந்தக் காரணம் செல்லும்.

மூன்றாம் வரியில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். ∠OAC-க்குச் சமமான கோணம் ∠OBD-யா, ∠ODB-யா? விடையைக் குறுக்குவெட்டி சொல்லும். AC, DB என்ற இரண்டு இணைகோடுகளை வெட்டும் கோடுகள் இரண்டு: AB ஒன்று, CD இன்னொன்று. ∠OAC என்ற கோணம் A-யில் இருக்கிறது. அதன் ஒரு கை AB மீது கிடக்கிறது. ஆகவே இங்கே குறுக்குவெட்டி AB. அதன் மறுமுனை B. எனவே ஒன்றுவிட்ட கோணம் B-யில் இருக்கும் ∠OBD தான். ∠ODB-க்குத் துணை, CD-யின் மறுமுனையில் இருக்கும் ∠OCA.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. நிரூபிக்க வேண்டிய வரியில் எழுத்துகளின் வரிசை காரணத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. △AOC ≅ △BOD என்றால் A-க்கு B, O-க்கு O, C-க்கு D. ∠OAC-யில் எழுத்துகளை அப்படியே மாற்றினால் ∠OBD வருகிறது. ஐந்தாம் வரியில் AC-யை மாற்றினால் BD. வரிசையை மாற்றி △AOC ≅ △DOB என்று எழுதினால் A-க்கு D என்று பொருளாகிவிடும், அது பிழை. ஆனால் இந்த மாற்று வேலை விடை எதுவாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே காட்டும். ஏன் சமம் என்பதற்கு இணைகோடுகள்தான் சான்று.

இப்போது நான்காம் வரி. கையில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் உள்ளன. இதற்கு இரண்டு விதிகள் இருக்கின்றன: கோ-ப-கோ, கோ-கோ-ப. எது என்பதைப் பக்கம் இருக்கும் இடம் தீர்மானிக்கும். நாம் எடுத்த கோணங்கள் O-விலும் A-யிலும் உள்ளன. நாம் எடுத்த பக்கம் OA, அந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் பக்கம். பக்கம் இரு கோணங்களுக்கும் நடுவில் இருக்கிறது; எனவே கோ-ப-கோ.

அதே தாளில் மூன்றாம் வரி ∠OCA = ∠ODB என்று இருந்திருந்தால்? தரவு மாறவில்லை, படமும் மாறவில்லை. ஆனால் கோணங்கள் இப்போது O-விலும் C-யிலும் உள்ளன. அவற்றுக்கு நடுவில் இருக்கும் பக்கம் OC. நம்மிடம் இருப்பதோ OA. அது நடுவில் இல்லை. எனவே விதி கோ-கோ-ப. ஒரே படத்துக்கு இரண்டு சரியான நிரூபணங்கள் இருக்கலாம் என்பதையும், விதியைத் தீர்மானிப்பது மேலே எழுதப்பட்ட வரிகளே என்பதையும் இந்த ஒரு மாற்றம் காட்டிவிடுகிறது.

தரவை மாற்றினால் விதியும் மாறும். இணைகோடு பற்றிய பேச்சே இல்லாமல், AB-க்கும் CD-க்கும் O நடுப்புள்ளி என்று மட்டும் கொடுத்திருந்தால், OA = OB, OC = OD, இடையில் குத்தெதிர்க் கோணம். இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் என்பதால் ப-கோ-ப. AC ∥ DB என்பதோடு AC = DB என்று கொடுத்திருந்தால், A-யிலும் C-யிலும் உள்ள கோணங்களுக்கு நடுவில் AC நிற்கிறது; மறுபடியும் கோ-ப-கோ. இந்த வழியில் குத்தெதிர்க் கோணத்தைத் தொடவே வேண்டியதில்லை.

இனி ஆபத்தான தரவு ஒன்று. OA = OB, AC = BD என்று மட்டும் இருக்கிறது; இணை இல்லை. குத்தெதிர்க் கோணத்தைச் சேர்த்தால் இரண்டு பக்கம், ஒரு கோணம் ஆகிறது. உடனே ப-கோ-ப என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் OA, AC ஆகிய பக்கங்களுக்கு இடையில் இருக்கும் கோணம் A-யில் உள்ளது. நம்மிடம் இருக்கும் கோணம் O-வில். இது எந்த விதியிலும் அடங்காது.

ஏன் என்பதைக் கவராயத்தைக் கொண்டு வரைந்தே பார்க்கலாம். O-வில் 30° கோணம் வரையுங்கள். ஒரு கையில் 10 செ.மீ. தூரத்தில் A-யைக் குறியுங்கள். கவராயத்தில் 6 செ.மீ. எடுத்து A-யை மையமாக வைத்து ஒரு வில் போடுங்கள். அந்த வில் மறு கையை இரண்டு இடங்களில் வெட்டும்: O-விலிருந்து ஏறத்தாழ 5.3 செ.மீ.யில் ஒன்று, 12 செ.மீ.யில் ஒன்று. இரண்டுமே C-க்குப் பொருந்தும். ஒரு முக்கோணத்தில் OC 12 செ.மீ., இன்னொன்றில் OD 5.3 செ.மீ. என்று அமைந்துவிட்டால், கொடுத்த மூன்று செய்திகளும் உண்மையாகவே இருக்கும், ஆனால் முக்கோணங்கள் சமமாக இருக்காது. O-வில் உள்ள கோணம் செங்கோணம் என்று தரவு சொன்னால் மட்டும் நிலைமை மாறுகிறது. அப்போது வில் வெட்டும் இரண்டு புள்ளிகளும் O-விலிருந்து சம தூரத்தில் இருபுறமும் விழும். கிடைக்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பம், ஒரே அளவு. செ-க-ப என்ற தனி விதி இருப்பது இதனால்தான். ஆகவே அந்த விதியை எழுதும் முன் செங்கோணம் தரவிலோ குறியிலோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வெட்டுப்பட்ட புகைப்படத்தில் தரவு வரியே காணாமல் போவதும் உண்டு. "O என்பது நடுப்புள்ளி" என்ற பகுதி விடுபட்டால் மிஞ்சுவது மூன்று சமக் கோணங்கள் மட்டுமே. அவை வடிவம் ஒன்று என்று சொல்லுமே தவிர, அளவு ஒன்று என்று சொல்லாது. முதல் வரிக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை என்றால் தரவில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அறிந்து, முழுப் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த வெற்றிடத்தை ஐந்தாம் வரியிலிருந்து கடன் வாங்கி நிரப்பக் கூடாது. AC = BD என்பது முக்கோணங்கள் சர்வசமம் என்று ஆன பிறகு கிடைக்கும் விளைவு. அதையே நான்காம் வரிக்கு முன்னால் காரணமாக வைத்தால், நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

இந்தப் படத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் எழுதிய நூலின் முதல் பாகத்தில் 26-ஆம் தேற்றம் கோ-ப-கோ, கோ-கோ-ப இரண்டையும் சேர்த்தே நிறுவுகிறது. கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தை அளக்க மிலேட்டஸ் ஊரின் தேலீஸ் இந்தத் தேற்றத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று யூடிமஸ் கருதியதாக, கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதியிருக்கிறார். அப்படி அளக்க ஒரு வழி, நம் படமேதான். கப்பல் C. அதற்கு நேரே கரையில் A. AC-க்குச் செங்குத்தாகக் கரையோரம் நடந்து O-வில் ஒரு கழியை நட வேண்டும். அதே தூரம் மேலும் நடந்தால் B. அங்கிருந்து நிலத்தின் உட்புறமாகச் செங்குத்தாகத் திரும்பி, கழியும் கப்பலும் ஒரே நேர்கோட்டில் தெரியும் D வரை நடக்க வேண்டும். BD எவ்வளவோ அவ்வளவு AC.

ப-ப-ப வேண்டுமென்றால் கடலின் மேலுள்ள AC, OC இரண்டையும் அளந்தாக வேண்டும். O-வில் வைத்துப் பார்க்கும் ப-கோ-பவுக்கும் OC-யின் நீளம் வேண்டும். அளப்பவருக்குக் கரையில் கிடைத்தது OA, OB மட்டுமே. அதன் இரு முனைகளிலும் இரண்டு கோணங்கள். கையில் இருந்த தரவு அதுவாக இருந்ததால், அவர் பிடிக்கக்கூடிய விதியும் கோ-ப-கோ ஒன்றுதான்.